நிறுத்தியது குற்றம் என்று யாரும் சொல்லவில்லை

என் மகளுக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்த சமயத்தில் அவளுக்காக நான் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு தாள்தான். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், வரி மேலே ஏறிக்கொண்டே போகும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட வீட்டுக்கு வந்து அடுப்பிடம்தான் சொல்லுவேன். அப்படிப்பட்டவளிடம் இன்னொருத்தி பேசியதைக் கேட்டு எழுதும் வேலை வந்து சேர்ந்தது.

மருமகன் சிறுநீரகம் கெட்டுப் போய் இறந்ததும், அவருடைய வேலைக்குப் பதிலாக என் மகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ், பேத்தியின் பள்ளிக்கூடம், எல்லாமே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. சுரங்கத்திலிருந்து லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி, போகும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேபின். அதில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகவும் டிவி பெட்டிகளிலும் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கல், இரும்பு, பெல்ட் ஓரம் விலகல், எது தெரிந்தாலும் சிவப்பு பட்டனை அழுத்தி நிறுத்த வேண்டும். பெண்களுக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாது. விடியற்காலை கிளம்பிப் போய் மத்தியானம் வந்துவிடுவாள்.

கை முறிவதற்கு முன்னால் அவள் இரண்டு தடவை பெல்ட்டை நிறுத்தியிருந்தாள். முதல் தடவை ஒரு ஆள் பெல்ட்டின் மேல் குப்புறக் கிடப்பதுபோல் தெரிந்தது. நிறுத்தினாள். போய்ப் பார்த்தால் கிழிந்த மழைக்கோட்டு. இரண்டாவது தடவை ஒரு கை அசைவதுபோல் தெரிந்தது. நிறுத்தினாள். போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு தடவை நிறுத்திவிட்டால் மறுபடியும் உடனே ஓட்டிவிட முடியாது. ஆள் நடந்து போய்ப் பார்த்து, போனில் சொல்லி, சங்கு ஊதிய பிறகுதான் ஓட்டலாம். அதுவரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அன்றிலிருந்து அவளுக்கு 'பிரேக் மேடம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போது சோற்றுக் கை நடுங்குவதை நான் பார்த்தேன்.

அப்புறம் ஒரு வாரம் மழை. ஸ்கூட்டியில் வரும்போது ரவுண்டானா பக்கத்தில் சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

லீவில் இருந்தபோது பயிற்சி மையத்திலிருந்து ஒரு சேதி வந்தது. வெளியூரிலிருந்து ஒரு கோச் மேடம் வருகிறார்கள், விருப்பமுள்ள பெண் ஊழியர்கள் தனியாக உட்கார்ந்து பேசலாம் என்று. கோச் என்றால் எனக்குக் கபடி, ஓட்டப் பந்தயம்தான் தெரியும். "அது இல்லம்மா, வேலைல நமக்கு எது சிக்கலோ அதைப் பேசலாம். அவங்க கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாங்க, நாமளே வழி கண்டுபிடிக்கணும்" என்றாள் மகள். கேள்வி கேட்பதற்கு ஒரு ஆளா என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை.

அவளால் வண்டி ஓட்ட முடியாததால் பஸ்ஸில் துணைக்குப் போனேன். மகளும் அந்தக் கோச் மேடமும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வராந்தாவில் மணல் நிரப்பிய சிவப்பு வாளிகளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. இவளை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுக்கத்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்களோ என்று எனக்குள் ஒரே பயம். ஜெபமாலையை உருட்டினேன். எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமலேயே உருட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அந்த மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்களாக இருப்பார்கள்.

"அம்மாவா? ஏன் எழுந்திரிச்சிட்டீங்க, உக்காருங்கம்மா."

நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

"மேடம், நோட்ஸ் எழுதச் சொன்னீங்கல்ல, கை இப்படி இருக்கு. அம்மா எழுதித் தரட்டுமா?" என்று கேட்டாள் மகள்.

"உங்க பேச்சு, உங்க போன்ல பதிவாகி இருக்குது. யார் கேக்கணும்னு நீங்கதான் சொல்லணும். அம்மா கேக்கறதுல உங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்." பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "அம்மா, ஒண்ணே ஒண்ணு. நான் சொல்லாததை நான் சொன்னதா எழுதிடாதீங்க. அவங்க என்ன செய்யப்போறதா சொன்னாங்களோ, அவங்க வாயால சொன்ன மாதிரியே எழுதுங்க. என்ன செய்யறது, எப்போ, யாரைக் கேக்கறது. போதும். ஆபீஸுக்கு நான் எதையும் கொடுக்கப் போறதில்ல. அது அவங்களோட தாள்."

"சரிங்க" என்றேன். அன்றைக்கு அந்த மேடத்திடம் நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். பஸ்ஸில் வரும்போதே அவர்கள் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. சொல்லாததை எழுதாதே என்றது மட்டும் நினைவில் இருந்தது. பொய் எழுதாதே என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நான் ஏன் பொய் எழுதப் போகிறேன்?

மறுநாள் பேத்தி பள்ளிக்கூடம் போன பிறகு, மகள் போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஓடவிட்டாள். குக்கர் ஒரு பக்கம் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சு நீளமாகப் போனது. நடுவில் காய்காரர் வந்தார், நான் எழுந்து போய் வந்தேன். கேட்டதில் என் மனதில் நின்றது எல்லாம் என் மகளின் குரல்தான். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "என் தப்புதான் மேடம்" என்று அவள் சொன்னது என் காதிலேயே ஒட்டிக்கொண்டது.

பேச்சு முடிந்ததும் மகள் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். நான் தாளை எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் கன்னியாஸ்திரிகள். புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்குவதற்கு முன்னால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு எங்களைத் தயார் செய்தார்கள். சிலேட்டில் முதலில் குற்றம் எழுத வேண்டும். அதற்குக் கீழே மனஸ்தாபம், அதாவது அதற்காக எப்படி வருந்துகிறேன் என்று. அதற்கும் கீழே பிரதிக்கினை, இனி அதைச் செய்ய மாட்டேன் என்று. எழுதி மனப்பாடம் செய்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் எச்சில் தொட்டு அழித்துவிட வேண்டும். ஒரு ஆள் உட்கார்ந்து கேட்க, இன்னொரு ஆள் மெல்லிய குரலில் தன்னைப் பற்றிச் சொல்ல, அதிலிருந்து இனி என்ன செய்வது என்று எழுதுவதென்றால், எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். என் கை தானாகவே அந்த வழியில் போனது.

இப்படி எழுதினேன்:

'குறை: பயத்தினால் பெல்ட்டைக் காரணம் இல்லாமல் இரண்டு தடவை நிறுத்தியது. வருத்தம்: எல்லாருக்கும் வேலை கெட்டது. இனி: நன்றாகப் பார்த்து உறுதி செய்யாமல் நிறுத்த மாட்டேன். கேபின் கண்ணாடியைத் துடைப்பேன். பயப்பட மாட்டேன்.'

எழுதி முடித்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. எல்லாம் அவள் பேச்சில் வந்ததுதானே என்று நினைத்தேன்.

மகள் எழுந்து வந்து படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இவ்வளவுதான்ல" என்றாள். தாளைக் கண்ணாடி பீரோ கதவில் செருகிவிட்டாள். அன்றிலிருந்து நான் அவளுக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு அசையும். எனக்கு அது நல்லதாகப் பட்டது. மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்று நான்கு நாள் கழித்துப் பின்வீட்டுக்காரி கறிவேப்பிலைக்கு வந்தாள். பிறந்த வீடு பக்கத்து ஊரான வடக்குத்து. அவள் வீட்டுக்காரர் பெல்ட்டு பிட்டர். உருளை மாற்றுவது, ஒட்டுப் போடுவது என்று பெல்ட்டோடேயே கிடக்கிற ஆள். அவள் வந்தால் வாய் ஓயாது. வாசற்படியிலேயே நின்று, கட்டுப்போட்ட கையைப் பார்த்து ஆரம்பித்தாள்.

"இன்னாமா, எப்ப கட்டு பிரிக்கறாங்க? ஊட்டுல குந்திகினு தின்னா ஒடம்பு வெச்சிடும் பாத்துக்க."

"அடுத்த வாரம் பிரிப்பாங்க அக்கா" என்றாள் மகள்.

"சீக்கிரம் பிரிச்சிகினு வந்து சேரு. ஒனக்கு பதுலா ஒருத்தன் குந்தியிருக்கானாம், எந்நேரமும் போன நோண்டிகினு. எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு, அந்த பிரேக் மேடம் இருந்தா ஒரு தெம்பு, ஈ குந்தினாகூட நிறுத்திப்புடும், இவன் ஆளே குந்தினாலும் பாக்கமாட்டான் போலக்கீதுன்னு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "பேரு வெச்சதே அவருதானாம். கோச்சிக்காத."

மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் கறிவேப்பிலையை முந்தானையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உறுதி செய்யாமல் நிறுத்த மாட்டேன். அதை எழுதியது என் கை. பின்வீட்டுக்காரர் பெல்ட்டின் மேல் குனிந்திருப்பது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைவது, என் மகள் பட்டனுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, மழைக்கோட்டா, ஆளா, உறுதியாகத் தெரியட்டும், உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருப்பது, எல்லாம் நடந்து முடிந்ததுபோல் எனக்குத் தெரிந்தது. பின்வீட்டில் அவள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கூடத்துக்கு வந்தேன். மகள் பீரோ கண்ணாடி முன்னால் நின்றாள். இடது கை மேஜை விளிம்பில் இருந்தது. உதடு அசைந்தது. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தக் கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். பட்டனை அழுத்தாமல் இருக்கப் பழகிக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அந்தத் தாளை எடு" என்றேன்.

"ஏம்மா?"

"எடுடி. அந்தப் பேச்சை இன்னொரு தடவை போடு."

"முடிஞ்ச கதைம்மா அது. கரெக்டாதான் எழுதியிருக்க."

"அந்தம்மா உன்னை நிறுத்தக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

யோசித்தாள். "சொல்லியிருப்பாங்க" என்றாள். பிறகு, "நீ எழுதியிருக்கல்ல?" என்றாள்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு முழுப் பயமும் வந்தது. பேசியவளுக்கே தன் பேச்சு மறந்து என் எழுத்துதான் நினைவில் நிற்கிறது.

அடுப்பை அணைத்தேன். கதவைச் சாத்தினேன். இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஓடவிட்டுக் கேட்கவில்லை. ஒருவர் பேசி முடித்ததும் நிறுத்துவோம், நான் அதை அப்படியே எழுதுவேன், அதற்குப் பிறகுதான் அடுத்தது. என் எழுத்து மெதுவாக வரும் என்பதால் அவள் கட்டை விரலை போன்மேலேயே வைத்திருந்தாள். மேடம் பேசியதற்கு முன்னால் 'மே' என்றும், இவள் பேசியதற்கு முன்னால் 'நான்' என்றும் போட்டேன். அவள் தாள் என்பதால் 'நான்' என்றால் அவள்தான்.

நான் தேடியது ஒன்றே ஒன்று. நிறுத்தியது குற்றம் என்று அந்த மேடம் எங்கே சொன்னார்கள்? ஒவ்வொரு தடவை அவர்கள் வாய் திறக்கும்போதும் இப்போது வரும், இப்போது வரும் என்று பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர்கள் கேட்டதெல்லாம் இப்படித்தான் இருந்தது: "அப்போ கண்ணாடியில என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?" "பட்டன அழுத்தினதும் என்ன ஆச்சு?" "அப்புறம்?" ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கேள்வி கேட்டால் அது விடை தெரியாதவளைக் கேட்பதுதான். அதற்குப் பிறகு பிரம்புதான். அதனால் முதல் தடவை அந்தக் கேள்விகளெல்லாம் எனக்கு அதட்டல் போலப் பட்டிருக்கின்றன. இப்போது ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் அவை வெறும் கேள்விகள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்ததென்று நான்தான் நினைத்து வைத்திருந்தேன்.

"என் தப்புதான் மேடம்" என்ற இடம் வந்தது. மகள் போனை அணைக்கப் பார்த்தாள்.

"நிறுத்தாத. அடுத்தது என்னன்னு பாப்போம்."

மேடத்தின் குரல்: "தப்புன்னு யார் சொன்னாங்க?"

பிறகு ஒன்றும் இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஃபேன் சத்தம், எங்கேயோ ஒரு கதவு, அவ்வளவுதான். முதல் தடவை கேட்டபோது இந்த இடத்தில்தான் நான் காய்காரரிடம் போயிருக்க வேண்டும். ரொம்ப நேரம் கழித்து என் மகளின் குரல்: "யாரும் சொல்லல மேடம். சிரிச்சாங்க."

"ம்."

"நிறுத்தறது இருக்கட்டும் மேடம். அது வேலை. நிறுத்தினப்புறம் ஒரு நடுக்கம் வருது பாருங்க, அடுத்த வேலையைச் செய்யவிடாம. அதுதான் வேணாம் எனக்கு."

மகள் போனை நிறுத்தினாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவள் முகத்தை இடது கையால் துடைத்துக்கொண்டாள். "நானா சொன்னேன் இதை?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் என்ன செய்யப் போவதாகச் சொன்னாள் என்பதெல்லாம் வந்தது. முதல் தடவை அதில் கண்ணாடி துடைப்பது மட்டும்தான் எனக்கு நின்றிருந்தது. குற்றத்துக்குப் பரிகாரம் மாதிரி இருந்ததால் அது நின்றதோ என்னமோ.

எழுதியதில் கேள்விகளையும் மற்றப் பதில்களையும் விட்டுவிட்டு, அவள் 'செய்வேன்', 'கேட்பேன்' என்று சொன்னதை மட்டும் தனித்தாளில் எடுத்தோம். வேலைக்குச் சேரும் அன்றைக்கு இன்சார்ஜ் சாரிடம் கேட்பேன், பெல்ட் ஓடுவதற்கு முன்னால் என்னோடு ஒரு தடவை ஓரமாக நடந்து வரும்படி. கேபின் கண்ணாடியை ஷிப்ட் ஆரம்பத்தில் துடைப்பேன். நிறுத்தினால் முதலில் போனில் சொல்வேன், பிறகு தண்ணீர் குடிப்பேன், பிறகு உட்கார்ந்து என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதி வைப்பேன். ஒவ்வொன்றுக்கும் எப்போது, யாரை என்று மேடம் கேட்டிருந்தார்கள், இவளும் சொல்லியிருந்தாள். எல்லாம் இவளுடைய சொல்தான்.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று வந்தது. "ஸ்டோர்ஸ்க்கு மாத்திக் கேக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன் மேடம்."

நான் நிமிர்ந்தேன். ஸ்டோர்ஸ் என்றால் சாமான் கிடங்கில் வேலை, நாற்காலி, மேஜை, தாள். பெல்ட்டே கண்ணில் படாது. எனக்கு அந்த வார்த்தை தேன்போல் இருந்தது. பேனாவை எடுத்து அந்தத் தனித்தாளில் 'ஸ்டோர்ஸ்' என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, அது செய்வேன்னு சொன்னதுல வராது. யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்."

"யோசிக்கறது கேக்கறதுக்குத்தானே?"

"கேக்கணும்னா கேப்பேன்னு சொல்லியிருப்பேன்ல?"

எனக்குக் கோபம்கூட வந்தது. என் மகள் பெல்ட்டைவிட்டு விலகி வந்துவிட வேண்டும் என்பதை அந்தத் தாளில் எங்கேயாவது எழுதிவிட வேண்டும்போல் இருந்தது. ஒரு வார்த்தைதானே. அவள் படிப்பாள், மனப்பாடம் செய்வாள், முந்தின தாளைப் போலவே தானே சொன்னதாக நம்பிவிடுவாள். அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டேன். தாளின் அடியில் கோடு போட்டு, 'யோசித்துக்கொண்டிருப்பது' என்று தனியாகத் தலைப்பு வைத்து, அங்கே அதை எழுதினேன். முடிவு என்று எங்கேயும் எழுதவில்லை.

ஆனாலும் எனக்கு மனது ஆறவில்லை. பழைய தாளைக் கிழித்துவிட்டேன், சரி. அதில் இருந்த குற்றம் போய்விட்டது. ஆனால் குற்றம் இல்லை என்று யாராவது சொன்னால்தானே அவள் கை பட்டன் பக்கம் போகும்? அதற்காக மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'நிறுத்தியது சரிதான் என்று மேடம் சொன்னார்கள்.'

மகள் படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"அதையும் அவங்க சொல்லலம்மா."

"அப்படித்தானே நினைச்சிருப்பாங்க? தப்புன்னு யார் சொன்னாங்கன்னு கேட்டாங்களே."

"கேட்டாங்க. சொல்லல. தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல."

"பின்ன யாருதான்டி சொல்றது?"

கேட்டுவிட்டு நானே பயந்துபோனேன். என் வயதுக்கு, யாராவது ஒருவர் மேலே இருந்து சரி, தவறு சொல்லாமல் ஒரு காரியமும் நான் செய்ததில்லை. சாமியார் சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார், டாக்டர் சொல்வார். இங்கே ஒருவர் கேள்வி மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் மகள் அந்தக் கேபினில் தனியாக இருப்பாள்.

"நான்தான் சொல்லியிருக்கேனே" என்றாள் அவள். "நிறுத்தறது வேலைன்னு. அது என் பேச்சு. அதையே எழுது."

அந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். 'நிறுத்துவது வேலை.' பெரிய எழுத்திலும் எழுதவில்லை. மற்ற வரிகளைப் போலவே எழுதினேன்.

இன்னொரு தடவை பயிற்சி மையத்துக்குப் போனோம். நான் அதே பெஞ்சில், அதே வாளிகளுக்கு எதிரே. இந்தத் தடவை கதவு முழுக்கச் சாத்தவில்லை. மகள் தாளைப் படிப்பது கேட்டது. மேடம் எல்லாம் கேட்டுவிட்டு, "இதுல உங்க வார்த்தை இல்லாதது ஏதாவது இருக்கா?" என்றார்கள். தாள் புரளும் சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் மனதுக்குள் படித்துப் பார்த்திருக்க வேண்டும். "கையெழுத்து மட்டும்தான் அம்மாவோடது" என்றாள். உள்ளே சிரித்தார்கள். வெளியே வரும்போது மேடம் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார்கள். நான் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தேன். அது காலிலேயே இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகு அவள் அந்தத் தாளைத் தன் கையாலேயே இன்னொரு தடவை எழுதிக்கொண்டாள். விரல் வீக்கம் வடியாததால் எழுத்து என் எழுத்தைவிட மோசமாக இருந்தது. என் பிரதியை அடுப்பில் போட்டேன். போனில் இருந்த பேச்சையும் அழித்துவிட்டாள். "இருக்கட்டுமே" என்றேன். "எதுக்கும்மா, தாளு இருக்குல்ல" என்றாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் விடியற்காலை அவளைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஸ்டோர்ஸ் என்று சொல்ல வாய் வந்துகொண்டே இருந்தது. சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பால் பொங்கி வழிந்தது. பின்வீட்டுக்காரி துணி அலசிக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அவளுடைய வீட்டுக்காரரும் அன்றைக்கு அதே ஷிப்ட் என்று எனக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டேன். ஷிப்ட் முடிந்து சைக்கிள்களும் வண்டிகளும் வர ஆரம்பித்தன. வாசல் கம்பியைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் எதுவும் போகவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். போனது என் காதில் விழவில்லையோ என்றும் நினைத்தேன்.

வந்தாள். செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவிவிட்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். சோறு போட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"நிறுத்தினியா?"

"ஒரு தடவை."

கரண்டி என் கையிலேயே நின்றது. "என்ன இருந்துச்சு?"

"சாக்கு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. பிட்டர் அண்ணன் போய்ப் பாத்துட்டு வந்து, மேடம் வந்துட்டாங்கடா, சாக்குக்கும் உசுரு இருக்குன்னாரு." அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

"கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சு. தண்ணி குடிச்சேன். அப்புறம் ஒக்காந்து எழுதினேன்." ஒரு வாய் சாப்பிட்டாள். "முன்னாடி அளவுக்கு இல்ல."

நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் சோற்றைப் பிசையும்போது விரல் லேசாக ஆடியது. இல்லை என்று சொல்ல முடியாது. நாளைக்கும் விடியற்காலை போவாள். நாளைக்கும் ஏதாவது அசையும், சாக்கோ ஆளோ தெரியாது. நாளைக்கும் நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சாப்பிட்ட பிறகு கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினாள். அவள் தாளின் பின்பக்கத்தில் கோணல்மாணலான எழுத்தில் ஒரு வரி: 'நிறுத்தினேன். சாக்கு.' அதற்குக் கீழே நிறைய இடம் காலியாக இருந்தது. ஆண்டவருக்கு நன்றி என்று அதில் எழுத என் கை பரபரத்தது. பேனாகூடப் பக்கத்தில்தான் இருந்தது.

அவளுடைய தாள் என்பதால் அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தேன்.